பார்வை குறைந்தவர் தானே லினக்ஸ் நிறுவ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு வராந்தாவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய லேப்டாப்களோடு சிலர் வருவார்கள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 தங்கள் கணினியில் ஏறாது என்று தெரிந்தவர்கள் அதன்பின் லினக்ஸ் பக்கம் திரும்பினார்கள். அவர்களில் பாதிப்பேருக்குக் கண் சரியாகத் தெரியாது. என் சித்தப்பாவும் அதில் ஒருவர். "நீ பக்கத்தில் உட்கார், ஆனால் கீபோர்டைத் தொடாதே" என்பது அவர் போட்ட நிபந்தனை. அவரும் மற்றவர்களும் கேட்ட கேள்விகள்தான் இவை. பெரும்பாலும் டெபியன் என்ற லினக்ஸ் வகை பற்றித்தான் எழுதியிருக்கிறேன். நான் பார்த்த இன்ஸ்டாலர்களில் முதல் நொடியிலிருந்தே பேசக்கூடியது அதுதான்.

எனக்குக் கொஞ்சம் தெரியும், கொஞ்சம் தெரியாது. குரலை எடுப்பதா, பெரிய எழுத்தை எடுப்பதா?

எவ்வளவு தெரிகிறது என்பதைவிட எப்படித் தெரிகிறது என்பதைப் பாருங்கள். பார்வையின் நடுப்பகுதி மங்கியவர்களுக்கு எழுத்து எவ்வளவு பெரிதானாலும் நல்லதுதான். ஓரப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போல இருப்பவர்களுக்கு அது எதிர்மாறாக வேலை செய்யும். எழுத்து பெரிதாகப் பெரிதாக ஒரு பார்வைக்குள் அடங்கும் சொற்கள் குறையும், பிறகு வரியின் தொடக்கத்தைத் தேடியே களைத்துப்போவார்கள். அவர்களுக்கு நடுத்தர அளவு எழுத்தும் நல்ல கான்ட்ராஸ்ட்டும் போதும். கண்புரை உள்ளவர்களுக்கு வெள்ளைத் திரையே கண்ணைக் கூசும், ஆகவே கருப்புப் பின்னணிதான் முதல் தேவை.

டெபியனில் இந்த முடிவை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். குரல் வழியைத் தேர்ந்தால் இன்ஸ்டாலர் எழுத்துத் திரைக்கு மாறிவிடும், அதில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி கிடையாது. பெரிதாக்கும் வசதி இருப்பது படத்திரை வழியில், அது பேசாது. இரண்டும் ஒன்றாக வேண்டும் என்றால் உபுண்டுவைப் பாருங்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

என் யோசனை இது. மருந்து அட்டையில் உள்ள எழுத்தை லென்ஸ் இல்லாமல் படிக்க முடியாதவர் குரலையே எடுக்கட்டும். இன்ஸ்டாலரில் ஒரே ஒரு வரியைத் தவறாகப் படித்தால் போதும், வட்டில் இருப்பது முழுக்க அழிந்துவிடும். கொஞ்சம் தெரிகிறதே என்ற நம்பிக்கையில் அந்த வரியைக் கண்ணால் படிப்பதுதான் ஆபத்து.

பென் டிரைவைச் செருகி ஆன் செய்துவிட்டேன். மெனு வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. எப்போது எதை அழுத்துவது?

மெனு தயாரானதும் டெபியன் ஒரு பீப் ஒலி எழுப்பும். கணினி பழைய பயாஸ் முறையில் எழுகிறதா, யூஇஎஃப்ஐ முறையில் எழுகிறதா என்பதைப் பொறுத்து அது ஒரு பீப்பாகவோ இரண்டாகவோ இருக்கும். கேட்டதும் `s` அழுத்தி என்டர் தட்டுங்கள். மெனுவைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

சிக்கல் என்னவென்றால், இப்போதைய பல லேப்டாப்களில் அந்த பீப் எழுப்பும் சின்ன ஒலிப்பான் கிடையாது. ஒன்றுமே கேட்காது. அப்போது பதறி எதையும் தட்ட வேண்டாம். சும்மா கைகட்டி உட்கார்ந்தாலே போதும். எந்த விசையும் அழுத்தப்படாவிட்டால், சுமார் அரை நிமிடத்தில் மெனு தானாகவே குரல் வழியைத் தொடங்கிவிடும். பார்க்க முடிந்தவர்கள் எப்படியும் ஏதாவது ஒரு விசையைத் தொடுவார்கள், தொடாமல் இருப்பவர் பார்க்க முடியாதவராக இருக்கலாம் என்ற கணக்கில் அப்படி வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்.

விளக்குள்ள பென் டிரைவ் வாங்கினால் இன்னொரு அடையாளம் கிடைக்கும். முதலில் படபடவென்று மின்னி நின்றால் மெனுவில் காத்திருக்கிறது, மறுபடி நீளமாக மின்னினால் இன்ஸ்டாலர் ஏறுகிறது. விளக்கின் மினுக்கல் தெரியும் அளவுக்குப் பார்வை உள்ளவர்களுக்கு இது பெரிய துணை.

அதற்கு முன்னாடி பயாஸ் இருக்கிறதே, அது பேசுமா?

பேசாது. நாம் சந்திக்கும் சாதாரண லேப்டாப்களில் அந்த நீலத்திரை ஊமைதான், எழுத்தையும் பெரிதாக்க முடியாது. ஆகவே அதற்குள் போகாமலேயே சமாளிப்பதுதான் வழி.

விண்டோஸ் இன்னும் வேலை செய்கிறது என்றால், பென் டிரைவைச் செருகிவிட்டுக் கட்டளைச் சாளரத்தில் இதைத் தட்டுங்கள்:

```
shutdown /r /o /t 0
```

கணினி மறுபடி எழும்போது ஒரு நீலத்திரைத் தேர்வுப் பட்டியல் வரும். அங்கே `Ctrl + Windows + Enter` அழுத்தினால் நரேட்டர் பேசத் தொடங்கும். அம்பு விசைகளால் நகர்ந்து `Use a device` என்பதைக் கேட்டதும் என்டர் தட்டி, பென் டிரைவின் பெயரைத் தேர்ந்தால் நேராக அதிலிருந்து எழும். யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்ட விண்டோஸில்தான் இந்தத் தேர்வு வரும்.

விண்டோஸே எழாத கணினி என்றால், தொடக்கப் பட்டியலைத் திறக்கும் விசையை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி அது `F12`, `F9`, `Esc` என்று மாறும். பட்டியலில் பென் டிரைவ் எத்தனையாவது வரி என்பதை வீடியோ அழைப்பில் யாரையாவது ஒரு தடவை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும்தான் இன்னொருவர் கண் தேவை. இன்ஸ்டாலரைச் செய்தவர்கள் கையில் இல்லாத விஷயம் இது.

`s` அழுத்தினேன், ஐந்து நிமிடமாக ஒரு சத்தமும் இல்லை. இன்ஸ்டாலர் வரவில்லையா?

பெரும்பாலும் வந்திருக்கும். குரல்தான் உங்களிடம் வந்து சேரவில்லை.

முதல் காரணம், குரல் வேறு வாசல் வழியே போயிருக்கலாம். பல லேப்டாப்களில் ஸ்பீக்கர் ஒரு ஒலிச் சாதனம், எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு ஒலி அனுப்புவது தனியாக இன்னொன்று. இப்படி ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால், டெபியன் ஒவ்வொன்றாகப் பேசிப்பார்த்து, குரல் கேட்கும்போது என்டர் தட்டுங்கள் என்று சொல்லும். முதலில் எச்டிஎம்ஐ முறை வந்தால் உங்களுக்கு அமைதிதான் கேட்கும். அந்த அமைதியில் பொறுமை இழந்து என்டர் தட்டினீர்களோ, போச்சு. அந்த ஊமை வாசலையே நீங்கள் தேர்ந்துவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும், அதன் பிறகு கடைசிவரை அங்கேயே பேசிக்கொண்டிருக்கும். சித்தப்பா முதல் முறை செய்தது இதைத்தான். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். வட்டில் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை, பயமில்லை.

இரண்டாவது காரணம் ஃபர்ம்வேர். புதிய லேப்டாப்கள் பலவற்றில் ஒலிச் சில்லு தனக்கான ஃபர்ம்வேர் கோப்பை ஏற்றினால்தான் வாய் திறக்கும். அவற்றில் நிறையக் கோப்புகள் கட்டற்ற உரிமத்தில் இல்லாததால், பழைய டெபியனின் அதிகாரப்பூர்வ இமேஜ்களில் அவை இருக்காது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அவையும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே அலமாரியில் கிடக்கும் டெபியன் 10, 11 பென் டிரைவை எடுக்காதீர்கள், புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டும் உதவவில்லை என்றால் யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்குங்கள். கட்டைவிரல் அளவு இருக்கும், எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சாதாரண வகைக்குத் தனி ஃபர்ம்வேர் வேண்டாம், லினக்ஸ் கர்னலுக்கே அதோடு பேசத் தெரியும். கடைக்காரர் ஏழு புள்ளி ஒன்று சரவுண்ட், வண்ண விளக்கு என்று ஏதாவது காட்டுவார். "ஒண்ணும் வேண்டாம், ரொம்ப சாதா" என்று தமிழிலேயே கேளுங்கள், அங்கே பாதிக் கடைகளில் புரியும். யூஎஸ்பி ஹெட்செட் இருந்தாலும் சரிதான். புளூடூத் இயர்போன் மட்டும் இங்கே உதவாது, இன்ஸ்டாலருக்குள் அதை இணைக்க வழியில்லை.

குரல் வழியில் என்னென்ன கேட்கும்? ஒருவர் செய்ததை அப்படியே சொல்லுங்களேன்.

சித்தப்பாவின் லேப்டாப்பில் நடந்ததையே சொல்கிறேன். 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி, வீட்டு ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள். சர்க்கரை நோயால் அவருக்கு ஒரு கண் முற்றிலும் போய்விட்டது, மற்றதில் நிழல்தான். பென் டிரைவில் டெபியனின் நெட்இன்ஸ்ட் இமேஜ். இரண்டாம் முறை பொறுமையாகக் காத்திருந்து, லேப்டாப் ஸ்பீக்கரில் குரல் வந்ததும் என்டர் தட்டினார்.

இங்கே எல்லாமே எண் போட்ட பட்டியல்தான். குரல் ஒவ்வொரு தேர்வையும் எண்ணோடு படித்துக்கொண்டே போகும், கடைசியில் இப்படி ஒரு வரி வரும்:

```
Prompt: '?' for help, default=2>
```

அதாவது என்டர் மட்டும் தட்டினால் 2 என்று எடுத்துக்கொள்ளும், வேறு வேண்டுமானால் அந்த எண்ணைத் தட்டி என்டர் தட்ட வேண்டும். `?` தட்டினால் விளக்கம் கிடைக்கும். இந்த ஒரு வரியின் பழக்கம் வந்துவிட்டால் மீதியெல்லாம் நேரம் பிடிக்கும் வேலை மட்டுமே. சித்தப்பா ஒரு வசதி கண்டுபிடித்தார். பட்டியல் முழுவதையும் கேட்பதில்லை. `default` என்ற சொல் வரும்வரை காத்திருந்து, அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை மட்டும் மேலே போய்க் கேட்பார்.

மொழிக்கு ஆங்கிலம், நாட்டுக்கு இந்தியா, கீபோர்டுக்கு அமெரிக்க ஆங்கிலம். பிறகு கணினியின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொற்கள். கடவுச்சொல் தட்டும்போது எழுத்து திரையில் வராது, காதிலும் வராது. அதனால் இரண்டு முறையும் ஒத்துப்போகவில்லை என்று அது சொன்னால் கலங்க வேண்டாம், மறுபடி கேட்கும்.

அப்புறம் வந்தது வட்டுப் பிரிப்பு. அவர் `Guided - use entire disk` என்பதை எடுத்தார். எந்த வட்டு என்று கேட்டபோது இரண்டு வரி படித்தது. ஒன்று 256 ஜிபி, இன்னொன்று 16 ஜிபி. பதினாறு என்பது செருகியிருக்கும் பென் டிரைவ். பெயரை வைத்து முடிவு செய்யாமல் அளவை வைத்து முடிவு செய்யுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். `sda`, `sdb` என்று குரல் படிக்கும்போது காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். எண் அப்படிக் குழம்பாது. கூடுதலாக ஒரு ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக, வட்டில் எழுதலாமா என்று ஒரு கேள்வி: `Write the changes to disks?` இதற்கு 1 என்றால் ஆம், 2 என்றால் இல்லை, முன்தேர்வு 2. அதுவரை எல்லாவற்றுக்கும் என்டர் தட்டியே பழகியவர் இங்கேயும் என்டர் தட்டினார், மறுபடி பிரிப்புப் பட்டியலுக்கே வந்து நின்றார். மூன்று தடவை இப்படிச் சுற்றினார். "என்னடா இது, செக்குமாடு மாதிரி" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், நிபந்தனை நிபந்தனைதான். நான்காவது முறை பொறுமையாக முழுதும் கேட்டு 1 தட்டினார். எரிச்சலாக இருந்தாலும் இந்த முன்தேர்வு நல்லதுதான். கை தவறி என்டர் பட்டு வட்டு அழிந்துபோவதைவிட மூன்று சுற்று சுற்றுவது மேல்.

பிறகு எந்த டெஸ்க்டாப் என்று கேட்டது. இதில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களை இடைவெளி விட்டுத் தட்டலாம். திரைவாசிப்பானோடு ஒத்துப்போவதில் க்னோம், மாத்தே இரண்டும் நம்பகமானவை. அவர் மாத்தேயை எடுத்தார், அது பழைய விண்டோஸ் போலவே மெனுவும் பட்டையுமாக இருக்கும். இறக்கி முடிக்கும்வரை குரல் அவ்வப்போது சதவீதம் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் காபி குடித்தோம்.

ரொம்ப மெதுவாகப் பேசுகிறது. ஒரு வரியைத் தவறவிட்டால் திரும்பக் கேட்க முடியுமா?

`CapsLock` விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு 6 தட்டினால் வேகம் கூடும், 5 தட்டினால் குறையும். அதேபோல் 2 ஒலியைக் கூட்டும், 1 குறைக்கும்.

திரும்பக் கேட்க, `CapsLock` பிடித்தபடி `i` தட்டினால் இருக்கும் வரி, `u` தட்டினால் மேல் வரி, `o` தட்டினால் கீழ் வரி. சொல் சொல்லாகக் கேட்க அதற்குக் கீழ் வரிசையில் உள்ள `j`, `k`, `l`. கீபோர்டில் அவை ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பதால் விரல் சீக்கிரம் பழகிவிடும். இப்படி மேலே கீழே போய்க் கேட்பது வெறும் பார்வைதான், எந்தத் தேர்வையும் மாற்றாது.

தமிழில் பேசுமா? அம்மாவுக்கு ஆங்கிலம் வராது.

இன்ஸ்டாலருக்குள் பேசாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேசும் மென்பொருளான ஈஸ்பீக்குக்குத் தமிழ் தெரியும், ஆனால் குரல் வழி ஓடுவது எழுத்துத் திரையில். கூட்டெழுத்துகளைக் கோத்துக் காட்ட அந்தத் திரையால் முடியாது. ஆகவே தமிழ் படத்திரை வழிக்கு மட்டும்தான். ஆங்கிலம் வராதவருக்கு நிறுவிக் கொடுத்துவிட்டு, அதன்பின் டெஸ்க்டாப்பில் ஓடும் திரைவாசிப்பானான ஓர்காவின் குரலைத் தமிழுக்கு மாற்றிக்கொடுங்கள். ஒலி எப்படி இருக்கும் என்று கேட்டுப்பார்க்க:

```
espeak-ng -v ta "வணக்கம், சாப்பிட்டாச்சா?"
```

ஒரு ரோபோ தமிழ் பேசுவது போலத்தான் இருக்கும். முதல் நாள் சிரிப்பார்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

எனக்குக் குரல் வேண்டாம். எழுத்து பெரிதாகவும் கருப்புப் பின்னணியிலும் இருந்தால் போதும்.

முதல் மெனுவில் `s` அழுத்துவதற்குப் பதிலாக `d` அழுத்தி என்டர் தட்டுங்கள். கருப்புப் பின்னணிக்கான பட்டியல் திறக்கும், அதில் படத்திரை வழியை எடுத்துக்கொள்ளுங்கள். மெனு வரியைத் திருத்திப் பழகியவர்கள் கர்னல் வரியின் கடைசியில் `theme=dark` என்று சேர்த்தாலும் அதே பலன்.

உள்ளே வந்ததும் `Ctrl` பிடித்துக்கொண்டு `+` தட்டத் தட்ட எழுத்து வளரும், `-` குறைக்கும். இது மிக எளிமையான வசதி. எழுத்தின் அளவை மட்டும் மாற்றும், பூதக்கண்ணாடி போலத் திரையின் ஒரு பகுதியைப் பெரிதாக்காது. நுண்ணிய பிக்சல் திரை உள்ள லேப்டாப்பில் தொடக்க எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், அங்கே பல தடவை தட்ட வேண்டியிருக்கும். சுட்டியைத் தேடி அலையாமல் `Tab` விசையாலும் அம்பு விசைகளாலும் நகருங்கள், தேர்ந்த வரி நிறம் மாறித் தெரியும்.

முதல் மெனுவின் எழுத்தை மட்டும் பெரிதாக்க வழியில்லை. அதனால்தான் ஒற்றை எழுத்து விசைகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறேன்.

உபுண்டுவில் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் என்றீர்களே?

ஆமாம். உபுண்டு முதலில் ஒரு முழு டெஸ்க்டாப்பை ஏற்றி, அதற்குள் இன்ஸ்டாலரைத் திறக்கிறது. எனவே அந்த டெஸ்க்டாப்பின் வசதிகள் எல்லாம் இன்ஸ்டாலருக்கும் கிடைக்கும். `Alt + Windows + S` அழுத்தினால் ஓர்கா பேசும். `Alt + Windows + 8` அழுத்தினால் பூதக்கண்ணாடி வரும், அதே இரண்டு விசைகளோடு `=` சேர்த்தால் இன்னும் பெரிதாகும், `-` சேர்த்தால் குறையும். 24.04 பதிப்பின் இன்ஸ்டாலரில் மொழி கேட்டதும் அடுத்த பக்கமே `Accessibility` தான். ஹை கான்ட்ராஸ்ட், பெரிய எழுத்து, திரைவாசிப்பான் எல்லாம் அங்கேயே இருக்கின்றன.

டெஸ்க்டாப் ஏறி முடிந்ததா என்று தெரியாமல் விசையை அழுத்துவதுதான் இங்கே நடக்கும் தவறு. பழைய கணினியில் இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகும். அதற்குள் ஐந்து தடவை அழுத்துவார்கள். அந்த விசை ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒன்றேதான். ஏறிய பின் ஒரு தடவை அழுத்திவிட்டுப் பத்து நொடி காத்திருங்கள்.

விண்டோஸ் இன்ஸ்டாலரே பேசுமே, அதற்கு என்ன?

பேசும். நிறுவும் முதல் திரையிலேயே `Ctrl + Windows + Enter` அழுத்தினால் நரேட்டர் வரும். ஆனால் அந்தக் கட்டத்தில் உங்கள் ஒலிச் சில்லுக்கான டிரைவர் இல்லாமல் போனால் நரேட்டர் வாயசைக்கும், சத்தம் வராது. மேலே சொன்ன அதே யூஎஸ்பி சவுண்ட் கார்டு இங்கேயும் கைகொடுக்கும். கோப்புகள் எழுதி முடித்து மறுபடி எழுந்து, நாடு, கணக்கு எல்லாம் கேட்கும் கட்டத்தில் திரையின் கீழ் மூலையில் அணுகல் வசதிப் படவுரு இருக்கும், பெரிதாக்கியும் ஹை கான்ட்ராஸ்ட்டும் அங்கே கிடைக்கும்.

நிறுவி முடிந்து மறுபடி ஆன் செய்ததும் குரல் இருக்குமா, எல்லாம் போய்விடுமா?

டெபியனில் குரல் வழியாக நிறுவியிருந்தால் குரலுக்கான மென்பொருள் தானாகவே புதிய கணினியிலும் நிறுவப்பட்டிருக்கும். ஆன் செய்ததும் வரும் க்ரப் மெனு மட்டும் பேசாது, ஐந்து நொடியில் தானே நகர்ந்துவிடும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

எழுத்தைப் பெரிதாக்கி நிறுவியவர்கள் அந்த அளவு அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். க்னோமில் ஒரு தடவை இதைத் தட்டுங்கள்:

```
gsettings set org.gnome.desktop.interface text-scaling-factor 1.5
gsettings set org.gnome.desktop.a11y.interface high-contrast true
```

1.5 என்பது ஒன்றரை மடங்கு. போதவில்லை என்றால் 1.75, 2 என்று ஏற்றிப் பாருங்கள்.

பாதுகாப்புக்காக வட்டை என்கிரிப்ட் செய்யலாமா?

குரலை நம்பி இருப்பவர் என்றால் இதை முடிவு செய்யும் முன் ஒரு தடவை யோசியுங்கள். வட்டுப் பிரிப்பில் `encrypted LVM` என்ற தேர்வு மற்றவற்றைப் போலவே சாதாரணமாகப் படிக்கப்படும், நிறுவுவதும் சிக்கலின்றி முடியும். மறுநாள் ஆன் செய்யும்போதுதான் தெரியும். வட்டைத் திறக்கும் கடவுச்சொல்லை, மற்ற எதுவும் ஏறுவதற்கு முன்பே கணினி கேட்கும். குரல் மென்பொருள் இருப்பது அந்தப் பூட்டிய வட்டுக்குள். ஆகவே அந்தக் கேள்வி மௌனமாகத்தான் வரும். தவறாகத் தட்டினாலும் மௌனம்தான்.

விவேக் நகரிலிருந்து வந்த ஓர் அண்ணன் இப்படி நிறுவிவிட்டு, கணினி கெட்டுவிட்டது என்று பழுது பார்க்கும் கடையில் கொடுத்துவிட்டார். அவர்கள் பிரச்சினையைப் பார்க்காமலேயே வட்டை அழித்து வேறு எதையோ போட்டுக் கொடுத்தார்கள். அவருக்கு மறுபடி நிறுவும்போது என்கிரிப்ஷனை விட்டுவிட்டோம், வங்கி ஆவணங்களைத் தனியாகக் கடவுச்சொல் போட்ட ஒரு கோப்புக்குள் வைத்துக்கொண்டார். என்கிரிப்ஷன் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் ஆன் செய்து அரை நிமிடம் எண்ணி, கடவுச்சொல்லைத் தட்டி, என்டர் கொடுத்துக் காத்திருக்கப் பழகிக்கொள்கிறார்கள். ஒரு நிமிடத்தில் குரல் வராவிட்டால் மறுபடி தட்டுகிறார்கள். சித்தப்பா அந்தத் தேர்வைக் கேட்டதும் என் பக்கம் திரும்பி, "இது வேண்டாம்தானே?" என்றார். அன்று அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.